பி.காம். முடித்த மகளும் கூட்டுறவு சங்க உதவியாளர் வேலையும்: ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதமும் அதோடு வைத்திருந்த இரண்டு பத்திரிகை நறுக்குகளும் கிடைத்தன. ஒன்று கூட்டுறவு சங்க உதவியாளர் பணிக்கான பழைய அறிவிப்பு. இன்னொன்று ஏதோ ஒரு அறக்கட்டளை அலுவலகத்துக்கு எழுத்தர் தேவை என்ற விளம்பரம். மகள் 2024-ல் பி.காம். முடித்துவிட்டாள், டைப்ரைட்டிங் லோயர் வைத்திருக்கிறாள், நீங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு, கும்பகோணம் பக்கம் கிராமம், வீட்டில் நிலம் கொஞ்சம் இருக்கிறது, ஊர் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கிய பழக்கம் உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஒரு கேள்வியை மட்டும் இரண்டு முறை கேட்டிருந்தீர்கள்: "இவள் அப்ளை பண்ணலாமா, முடியாதா?"

இன்றைய நிலையில் முடியாது. ஆனால் அடுத்த அறிவிப்பு வருவதற்குள் முடியும்படி செய்துவிடலாம். இடையில் நிற்பது ஒரே ஒரு சான்றிதழ். அதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். இந்த வேலைக்கு முயன்று ஏமாந்துபோகிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் தேர்வில் தோற்பதில்லை, அந்தச் சான்றிதழ் விஷயத்தில்தான் வெளியே நிற்கிறார்கள்.

முதலில் உங்கள் நறுக்கைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கூட்டுறவு சங்கங்களுக்கும் மத்திய கூட்டுறவு வங்கிகளுக்கும் உதவியாளர், இளநிலை உதவியாளர், எழுத்தர் போன்ற பணியிடங்களை நிரப்புவது மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையம். மாவட்டத்துக்கு ஒன்று உண்டு. டி.என்.பி.எஸ்.சி.க்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் அனுப்பியது 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு. ஆகஸ்ட் 6 முதல் 29 வரை இணையவழியில் விண்ணப்பிக்கச் சொன்னார்கள். அக்டோபர் 11 அன்று எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே நாளில் எழுத்துத் தேர்வு. அதற்கு முந்தைய சுற்றில் 2023 டிசம்பர் 1 கடைசி நாள், டிசம்பர் 24 தேர்வு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்ணப்பிக்கக் கிடைப்பது மூன்று வாரம்தான். கடைசி நாளுக்கும் தேர்வுக்கும் நடுவே ஒரு தடவை ஆறு வாரம், இன்னொரு தடவை மூன்றே வாரம். அறிவிப்பு வந்த பிறகு தயாராகலாம் என்று உட்கார்ந்திருப்பவர்களுக்கு நேரம் போதவே போதாது.

இனி தகுதி. அறிவிப்பில் கல்வித்தகுதி என்ற இடத்தில் இரண்டு விஷயம் இருக்கும். ஏதாவது ஒரு பட்டப்படிப்பு, அதாவது பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, அப்புறம் மூன்று வருடப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். "மற்றும்" என்று போட்டு, கூட்டுறவுப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். நிறைய பேர் முதல் பாதியைப் படித்ததும் சந்தோஷமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். உங்கள் வீட்டிலும் அதுதான் நடந்திருக்கிறது. பி.காம். இருக்கிறதே, வணிகவியல்தானே கூட்டுறவும் என்று மகள் நினைத்திருக்கிறாள். நினைப்பது இயல்புதான், ஆனால் விதி அப்படி இல்லை. பயிற்சியில் இருந்து விலக்கு உள்ளவர்கள் பி.ஏ. கூட்டுறவு, பி.காம். கூட்டுறவு, கூட்டுறவைப் பாடமாகக் கொண்ட எம்.காம். போன்ற பட்டம் வைத்திருப்பவர்கள். பொது பி.காம்., கணினிப் பயன்பாட்டோடு கூடிய பி.காம்., பி.பி.ஏ. எல்லாம் அந்த விலக்குக்குள் வராது. பட்டச் சான்றிதழில் எந்தப் பிரிவு என்று எப்படி அச்சாகியிருக்கிறதோ அதைத்தான் சரிபார்ப்பவர் பார்ப்பார். ஏதோ ஒரு பருவத்தில் கூட்டுறவு என்று ஒரு பாடம் படித்தேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது.

அந்தக் கூட்டுறவுப் பயிற்சி என்பது தமிழ்நாடு கூட்டுறவு ஒன்றியத்தின் கீழ் நடக்கும் கூட்டுறவு மேலாண்மைப் பட்டயப் பயிற்சி. பல மாவட்டங்களில் கூட்டுறவு மேலாண்மை நிலையம் என்ற பெயரில் பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. உங்களுக்குப் பக்கத்தில் தஞ்சாவூரில் ஒன்று உண்டு. சென்னையில் இருப்பது அண்ணா நகர் நடேசன் கூட்டுறவு மேலாண்மை நிலையம். ஒரு வருடம், இரண்டு பருவம். பிளஸ் டூ முடித்து 17 வயது ஆகியிருந்தால் சேரலாம். சேர்க்கை அறிவிப்பு வருடத்துக்கு ஒருமுறை வரும், விண்ணப்பம் இணையவழியில். கணினியும் நகை மதிப்பீடும் இந்த ஒரு வருடத்துக்குள்ளேயே சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள். நகைக்கடன் இல்லாத சங்கம் இன்று அபூர்வம் என்பதால் இது வீண்போகிற படிப்பு இல்லை. தனியார் மையம் ஏதாவது மூன்று மாதத்தில் கூட்டுறவு டிப்ளமோ தருகிறோம் என்று சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

"ஒரு வருடம் முடிவதற்குள் அறிவிப்பு வந்துவிட்டால்?" என்ற கேள்வி உங்களுக்கு வரும். முன்பு வந்த அறிவிப்புகளில், பயிற்சியில் சேர்ந்து படித்துக்கொண்டிருப்பவர்களும் விண்ணப்பிக்க வழி விட்டிருந்தார்கள். பயிற்சி நிலையத்தில் சேர்ந்ததற்கான சான்றையோ கட்டணம் கட்டிய ரசீதையோ பதிவேற்றினால் போதும், வேலையில் சேர முடித்த சான்றிதழ் தேவை. ஒவ்வொரு அறிவிப்பிலும் இந்தச் சலுகை இருக்கும் என்று நம்பிக்கொண்டிருக்கக் கூடாது. ஆனாலும் சேர்க்கை திறந்ததும் மகளைச் சேர்த்துவிட்டால், ரசீது கையில் வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரு வழி உண்டாகிவிடுகிறது. சேராமல் வீட்டில் இருந்து படித்தால் எந்த வழியும் இல்லை. அதனால்தான் தேர்வுப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் சேர்க்கையை முடியுங்கள் என்கிறேன்.

வயதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். அது வேண்டாம். 18 வயது முடிந்திருக்க வேண்டும். 32 என்ற உச்ச வரம்பு பொதுப்பிரிவினருக்கு மட்டும், அதுவும் அந்த வருடம் ஜூலை 1 அன்று கணக்கிடப்படும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினர், எந்தப் பிரிவாக இருந்தாலும் ஆதரவற்ற விதவைகள் ஆகியோருக்கு வரம்பு கிடையாது. "இந்த வருடம் விட்டால் வயசு போயிடும்" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

தமிழ்வழி ஒதுக்கீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். 20 சதவீதம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு உண்டு என்பது சரி. ஆனால் 2020-ல் சட்டத்தைத் திருத்தியபின், ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்த வேலைக்கு வேண்டிய கல்வித்தகுதி வரை மொத்தமும் தமிழ்வழியில் படித்திருந்தால்தான் அது பொருந்தும். உங்கள் மகள் பிளஸ் டூ வரை தமிழ்வழி, கல்லூரியில் ஆங்கிலவழி என்று எழுதியிருக்கிறீர்கள். அவளுக்கு அது கிடைக்காது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தில் "இல்லை" என்றே குறிக்கச் சொல்லுங்கள். ஆசைப்பட்டு "ஆம்" என்று குறித்துவிட்டு, சரிபார்ப்பின்போது சான்று காட்ட முடியாமல் போனால் விண்ணப்பமே தள்ளுபடியாகலாம். பெண்களுக்கான 30 சதவீதம் அவளுக்கு இருக்கிறது, அதற்குத் தனிச் சான்று ஏதும் தேவையில்லை.

அடுத்து, எந்த மாவட்டம். எல்லா மாவட்டத் தேர்வும் ஒரே நாளில் நடப்பதால், எத்தனை இடத்தில் பணம் கட்டினாலும் ஒரு இடத்தில்தான் எழுத முடியும். அதனால் தேர்ந்தெடுப்பதை யோசித்துச் செய்ய வேண்டும். காலிப்பணியிட எண்ணிக்கையைப் பார்த்து மட்டும் ஓடாதீர்கள். ஒவ்வொரு மாவட்ட அறிவிப்பிலும் எந்தச் சங்கத்தில் எத்தனை இடம், அதற்கு என்ன சம்பள விகிதம் என்று அட்டவணை போட்டிருப்பார்கள். அதற்குள்ளேயே பெரிய வித்தியாசம் இருக்கும். மத்திய கூட்டுறவு வங்கி உதவியாளரின் சம்பளமும் ஒரு சின்ன தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்க உதவியாளரின் சம்பளமும் ஒன்றல்ல. சங்கத்தின் வரவு செலவைப் பொறுத்துச் சம்பளம் மாறும். இன்னொன்று, சங்க ஊழியர் அரசு ஊழியர் இல்லை. அந்தச் சங்கத்தின் ஊழியர். அரசு அலுவலகத்தில் இருப்பதுபோல நினைத்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்க முடியாது. எனவே தூரத்து மாவட்டத்தில் இடம் அதிகமாக இருக்கிறது என்று போய்விட்டு, கல்யாணத்துக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். உங்கள் மாவட்டத்திலேயே தஞ்சாவூர், கும்பகோணம் என்று இரண்டு மத்திய கூட்டுறவு வங்கிகள் இருக்கின்றன, கிராமச் சங்கங்களும் நிறைய. சொந்த மாவட்டம்தான் அவளுக்குச் சரி என்பது என் எண்ணம்.

விண்ணப்பிக்கும்போது என்ன தவறு நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2025 சுற்றில் கட்டணம் 500 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆதரவற்ற விதவைகளுக்கு 250. பணம் கட்டினால் விண்ணப்பம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். எஸ்பிஐ கலெக்ட் வழியாகக் கட்டச் சொல்லியிருந்தால், பணம் கட்டியதும் ஒரு குறிப்பு எண் வரும். அந்த எண்ணை விண்ணப்பத்தில் பதிந்து, சான்றிதழ்களைப் பதிவேற்றி, சமர்ப்பித்த பிறகு விண்ணப்ப எண்ணோடு ஒரு பிரதி கைக்கு வர வேண்டும். அது வந்தால்தான் விண்ணப்பித்தது கணக்கு. பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் பட்டச் சான்றிதழிலும் பெயர், தலைப்பெழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். ஒன்றில் "எஸ்." மட்டும், இன்னொன்றில் இரண்டு தலைப்பெழுத்து என்று இருந்தால் சரிபார்ப்பு நாளில் பதில் சொல்ல வேண்டிவரும். சாதிச் சான்றிதழ் தந்தை பெயரில் இருக்க வேண்டும். நாளைக்குக் கல்யாணம் ஆனாலும் கணவர் பெயரில் எடுத்த சான்று இதற்கு உதவாது.

கடைசி நாள் என்றால் நள்ளிரவு வரை என்று எண்ணிவிடக் கூடாது. 2025-ல் ஆகஸ்ட் 29 மாலை 5.45 மணியோடு முடிந்தது. அன்றைக்கு மதியம் இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றவர்கள் பாடு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும். அறிவிப்பில் மூன்று தேதிகள் தனித்தனியாக இருக்கும்: வயதைக் கணக்கிடும் தேதி, கல்வித்தகுதி எந்தத் தேதிக்குள் முடிந்திருக்க வேண்டும் என்ற தேதி, விண்ணப்பத்தின் கடைசித் தேதியும் நேரமும். மூன்றையும் மகளை ஒரு தாளில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். ஒன்றை இன்னொன்றாக நினைத்துக் குழம்புவது சாதாரணமாக நடக்கிறது.

இணையதள முகவரியிலும் கவனம் வேண்டும். மாவட்ட ஆள்சேர்ப்பு நிலையங்களின் தளங்கள் gov.in என்று முடிவதில்லை. உதாரணமாகச் சென்னைக்கு drbchn.in. இதனால் சிலர் உண்மையான தளத்தையே போலி என்று விட்டுவிடுகிறார்கள், சிலர் போலியை உண்மை என்று நம்பிவிடுகிறார்கள். வாட்ஸ்அப்பில் வந்த இணைப்பைத் தொடாமல், கூட்டுறவுத் துறையின் தளத்திலோ மாவட்ட நிர்வாகத்தின் தளத்திலோ வந்த அறிவிப்பைத் திறந்து, அதில் அச்சிட்டிருக்கும் முகவரிக்குப் போவதுதான் பாதுகாப்பு.

தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 200 கேள்வி, 170 மதிப்பெண், மூன்று மணி நேரம், சரியான விடையைக் குறிக்கும் முறை. பிறகு நேர்முகத் தேர்வு. எழுத்துத் தேர்வுக்கு 85, நேர்முகத்துக்கு 15 என்ற விகிதத்தில் இறுதித் தரவரிசை. கணக்கியலும் வங்கியியலும் மகளுக்கு ஏற்கெனவே தெரியும். அவளுக்குப் புதிதாக இருக்கப்போவது கூட்டுறவுச் சட்டம்தான். தமிழ்நாடு கூட்டுறவு சங்கங்கள் சட்டம் 1983-ல் வந்தது, விதிகள் 1988-ல். அதில் பிரிவு எண்கள் மனதில் நிற்க வேண்டும். 80 தணிக்கை, 81 விசாரணை, 82 ஆய்வு, 87 தண்டத்தீர்வை, 90 தாவா. பயிற்சி வகுப்பில் ஒரு வருடம் இதையே கேட்டுக்கொண்டிருப்பதால் தானாகப் படிந்துவிடும். வெளியே இருந்து மூன்று வாரத்தில் மனப்பாடம் செய்பவர்களுக்கு 81 எது, 82 எது என்று தேர்வறையில் இடறும்.

அந்த 87-ஐ நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும் அம்மா, பெற்றவர்கள் என்ற முறையில். சங்கத்துக்கு நஷ்டம் ஏற்பட்டு, அது ஊழியரின் தவறாலோ அலட்சியத்தாலோ வந்தது என்று விசாரணையில் தெரிந்தால், அந்தத் தொகையை அந்த ஊழியரிடமே வசூலிக்க உத்தரவிடலாம். ஒரு கிராமச் சங்கத்தில் இரண்டு மூன்று பேர்தான் வேலை பார்ப்பார்கள். உதவியாளர் என்றால் காலையில் உரம் விற்ற பணத்தை வாங்கி ரசீது போட்டு, பயிர்க்கடன் மனுவை வாங்கி, சிட்டா அடங்கலைச் சரிபார்த்து, நகைக்கடனுக்கு வந்த நகையைப் பைக்குள் போட்டுச் சீல் வைக்கும்போது கூட நின்று கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் ரொக்கப் புத்தகத்தின் இருப்பும் பெட்டியில் இருக்கும் பணமும் ஒன்றா என்று பார்த்து மூட வேண்டும். "சார் சொன்னாரு, கையெழுத்துப் போட்டேன்" என்பது பிறகு உதவாது. மகள் நிதானமாகக் கணக்குப் பார்க்கிறவள், படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டாள் என்றால் இந்த வேலை அவளுக்குப் பொருந்தும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் பொருந்தும் என்றே தோன்றுகிறது.

இப்போது அந்த ஒன்றரை லட்சம் விஷயம். "கட்சிக்காரர் ஒருத்தர் முடித்துத் தருகிறேன் என்கிறார், பாதி முன்பணம்" என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள். மகளுக்கு இன்னும் விண்ணப்பிக்கும் தகுதியே வரவில்லை. அதைக்கூடக் கேட்காமல் ஒருவர் வேலை வாங்கித் தருகிறேன் என்றால் அவருக்கு அறிவிப்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாது என்று அர்த்தம். தரவரிசையில் 85 பங்கு எழுத்துத் தேர்வில் தீர்மானமாகிறது. இப்படி வாங்குபவர்கள் பத்துப் பேரிடம் வாங்குவார்கள். அதில் யாராவது ஒருவர் சொந்த மதிப்பெண்ணில் தேறினால் "நான்தான் முடித்தேன்" என்று அந்தப் பணத்தை வைத்துக்கொள்வார்கள், மற்றவர்களை அலையவிடுவார்கள். நிலத்தின் மேல் கடன் வாங்கி இதற்குக் கொடுத்துவிட்டு நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது மனசு தாங்கவில்லை.

இரண்டாவது நறுக்கையும் படித்தேன், அந்த அறக்கட்டளை எழுத்தர் வேலை. எத்தனை இடம், என்ன சம்பளம், அலுவலகம் எங்கே என்று எதுவுமே இல்லை. பதிவு எண் இல்லை. கைபேசி எண் ஒன்று, பதிவுக் கட்டணம் என்று ஒருவருடைய சொந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொல்லி ஒரு வரி. உண்மையான அறக்கட்டளைகள் எழுத்தர் எடுப்பது உண்டு, நேரில் வரச்சொல்லிப் பார்த்து எடுப்பார்கள். விண்ணப்பதாரரிடம் பணம் கேட்க அவர்களுக்கு என்ன அவசியம்? இதை விட்டுவிடுங்கள்.

பயிற்சிக் காலத்தில் மகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்கும் படிக்கலாம். தமிழும் பொது அறிவும் இரண்டுக்கும் பொதுவாக இருக்கும், டைப்ரைட்டிங் லோயர் வைத்திருப்பது அங்கே தட்டச்சர் பணிக்கு உதவும். ஹையரையும் முடித்துவிட்டால் நல்லது. ஆனால் காலையில் பயிற்சி வகுப்பு, மாலையில் டைப்ரைட்டிங், ராத்திரி கோச்சிங் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் அவள் தலையில் ஏற்ற வேண்டாம்.

தஞ்சாவூர் கூட்டுறவு மேலாண்மை நிலையத்துக்கு மகளை ஒரு வேலை நாளில் நேரில் அனுப்பி, அடுத்த சேர்க்கை எப்போது, கட்டணம் எவ்வளவு, என்னென்ன அசல் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கல்லூரியில் மாற்றுச் சான்றிதழை இன்னும் வாங்கவில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்களே, அதை இந்த வாரமே வாங்கிவிடுங்கள். சேர்க்கைக்கு அசல் கேட்பார்கள். பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டச் சான்றிதழ் மூன்றின் நகலையும் எனக்கு அனுப்பினால், பெயரிலும் தலைப்பெழுத்திலும் ஏதாவது மாறியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன். இருந்தால் திருத்துவதற்கு இப்போது நேரம் இருக்கிறது.